டிரையல் கேப்ஷனில் வயது வரியை முதலில் சரி செய்யுங்கள்

கேள்வி: ஒரு சின்ன கால்பந்து அகாடமியில் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். போன டிரையலுக்கு ‘அண்டர் 10, 12, 14, 16 ஓபன் டிரையல். ஃபுல் கிட்டோடு வரவும். திறமையானவர்கள் தேர்வு செய்யப்படுவார்கள். கட்டண விவரத்துக்கு மெசேஜ் செய்யவும்’ என்று கேப்ஷன் போட்டோம். ஒரே குழப்பம். மைதானத்திலேயே பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 2026 மார்ச்சில் அடுத்த டிரையல். இந்த முறை எப்படி எழுதுவது?

சிறுவர் அணிகளுக்குப் பதினான்கு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். டிரையல் நடத்தியும் இருக்கிறேன், அதற்கு முன் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு டிரையல் டிரையலாக அலைந்தும் இருக்கிறேன். உங்கள் கேப்ஷனில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான்கு வரியும் நான்கு முடிவுகளைப் படிப்பவர் தலையில் விட்டுவிட்டன. என் பிள்ளை எந்தப் பிரிவு, என்ன வாங்க வேண்டும், எதை வைத்துத் தேர்வு செய்வார்கள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொரு பெற்றோரும் தனக்குத் தோன்றியபடி ஒரு பதிலை முடிவு செய்துகொண்டு வந்திருப்பார். மைதானத்தில் அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று மோதியிருக்கும். இந்த நான்கில் அதிகக் கேடு செய்வது வயது வரிதான். அதனால் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

‘அண்டர் 12’ என்றால் உங்களுக்கு ஒரு பொருள், பெற்றோருக்கு வேறொரு பொருள். ஃபிஃபா நடத்தும் இளையோர் போட்டிகளில் பிறந்த ஆண்டுதான் கணக்கு, ஜனவரி 1 கட்-ஆஃப். 2025-ல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஆடலாம் என்பது விதி. அதாவது போட்டி ஆண்டிலிருந்து 17-ஐக் கழித்தால் பிறந்த ஆண்டு வந்துவிடும். இதே கணக்கில் 2026-க்கு அண்டர் 12 என்றால் 2014-ல் பிறந்தவர்களும் அவர்களுக்கு இளையவர்களும். ஆனால் 2014 பிப்ரவரியில் பிறந்த பையனின் அம்மா என்ன நினைப்பார்? ‘பையனுக்கு போன மாசமே 12 முடிஞ்சிருச்சு, இனி அண்டர் 12 கிடையாது’ என்றுதான் நினைப்பார். வார்த்தையை நேராகப் படித்தால் அவர் நினைப்பது சரி. அவர் பையனை அண்டர் 14-க்குக் கூட்டி வருவார். அங்கே 2012 ஜனவரியில் பிறந்த பிள்ளைகளோடு அவன் ஆட வேண்டியிருக்கும். அவன் சேர வேண்டிய இடத்தில் அவன் பெயரே இருக்காது.

கட்-ஆஃப் எல்லா ஊரிலும் ஜனவரி 1 அல்ல. இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்துப் பிரிவுகள் பள்ளி ஆண்டை ஒட்டி செப்டம்பர் 1-ஐ வைத்துப் போகின்றன. உங்கள் அணி எந்த லீகில் பதிவாகப் போகிறதோ அந்த லீகின் விதிப் புத்தகத்தில் உள்ள தேதிதான் உங்கள் தேதி. அதைப் பார்த்துவிட்டு, கேப்ஷனில் ‘அண்டர்’ என்ற சொல்லை அடைப்புக்குள் தள்ளிவிட்டு, பிறந்த தேதியை முன்னால் கொண்டு வாருங்கள். ‘2014 ஜனவரி 1 முதல் 2015 டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள்’ என்று எழுதிவிட்டால் யாரும் எதையும் கணக்குப் போட வேண்டாம். என் அனுபவத்தில், டிரையலுக்கு முந்தைய வாரம் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே நின்றுவிடும்.

அந்த வரியில் வயதின் கீழ் எல்லையும் இருக்கிறது, கவனித்தீர்களா? ‘2014-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்’ என்று மேல் எல்லையை மட்டும் எழுதினால் ஏழு வயதுப் பிள்ளையும் வந்து நிற்கும். ‘என் பையன் பெரியவங்களோட ஆடுவான் சார்’ என்பார்கள். சில பிள்ளைகள் நிஜமாகவே ஆடும். ஆனால் அதைத் தீர்மானிக்கும் இடம் டிரையல் நாள் பதிவு மேசை அல்ல. மேல் பிரிவில் ஆட விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

இனி சொல்லப்போவது கேப்ஷனில் தெரியாத, ஆனால் கேப்ஷன் உண்டாக்குகிற ஒரு சிக்கல். நீங்கள் இரண்டிரண்டு ஆண்டாகப் பிரிவு வைத்திருக்கிறீர்கள். 2014 ஜனவரியில் பிறந்தவனும் 2015 டிசம்பரில் பிறந்தவனும் ஒரே களத்தில் நிற்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருட இடைவெளி. 11, 12 வயதில் இரண்டு வருடம் என்பது உயரம், எடை, ஓட்டம் என்று எல்லாவற்றிலும் தெரியும். பயிற்சியாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கண் பெரிய பையனிடம்தான் போகும். அவன்தான் பந்தைப் பறிப்பான், அவன்தான் தூரமாக அடிப்பான். இது ஊகம் அல்ல. விளையாட்டு ஆய்வுகளில் பலமுறை உறுதியான விஷயங்களில் இதுவும் ஒன்று. தேர்வான இளையோர் அணிகளில் கட்-ஆஃப் தேதிக்கு அடுத்த மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பார்கள், அந்தத் தேதியிலிருந்து தொடங்கும் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாக இருப்பார்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று பெல்ஜியத்திலிருந்து வருகிறது. அங்கே 1997-ல் இளையோர் கால்பந்தின் கட்-ஆஃப் ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. வெர்னர் ஹெல்சனும் அவருடைய குழுவினரும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தேர்வான பிள்ளைகளின் பிறந்த மாதங்களை ஒப்பிட்டு 2000-ல் வெளியிட்டார்கள். முன்பு ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்கள் ‘திறமைசாலிகளாக’ இருந்தார்கள். கட்-ஆஃப் மாறியதும் அந்த இடத்துக்கு ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் கால்களில் எந்த மாற்றமும் இல்லை, விதியில் ஒரு தேதி மாறியது, அவ்வளவுதான். நீங்கள் கேப்ஷனில் எழுதும் தேதிக்கு இருக்கும் பலம் இது.

அதனால் ஒற்றை ஆண்டுப் பிரிவாக வைக்க முடிந்தால் வையுங்கள். அணி இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துத்தான் அமையும் என்றாலும், டிரையலையாவது 2014-ல் பிறந்தவர்களுக்குக் காலையிலும் 2015-ல் பிறந்தவர்களுக்குப் பிற்பகலிலும் என்று பிரிக்கலாம். அதுவும் முடியாது என்றால் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. சட்டைக்கு மேல் மாட்டும் பிப்பின் எண்ணைப் பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள். அந்தப் பிரிவில் மூத்த பிள்ளைக்கு 1, கடைசி பிள்ளைக்குக் கடைசி எண். டேவிட் மானும் பிளூனி வான் ஹின்னக்கனும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பெரிய கிளப்புக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடும் ஸ்கவுட்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வயதே தெரியாமல் ஆட்டம் பார்த்த குழு மூத்த பிள்ளைகள் பக்கம் சாய்ந்தது. பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் வைத்திருந்த குழுவும் அப்படியே சாய்ந்தது. சட்டை எண்ணே வயது வரிசை என்று தெரிந்து பார்த்த குழுவிடம் மட்டும் அந்தச் சாய்வு காணாமல் போனது. ஆட்டம் ஓடும்போது பட்டியலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, எண் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஆய்வை வைத்து எல்லா இடத்திலும் இதே அளவுக்குப் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் டிரையலில் நான் இதைத் தொடங்கிய பிறகு, குறிப்புத் தாளில் ‘31-ஆம் எண், சின்னப் பையன், ஆனால் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிறான்’ மாதிரியான வரிகள் வரத் தொடங்கின. முன்பு அப்படி யாரும் எழுதியதில்லை.

இதற்குக் கேப்ஷனோடு என்ன சம்பந்தம் என்றால், முதல் நாள் இரவே எண் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அப்படியானால் முன்பதிவு கட்டாயம், பதிவில் பிறந்த தேதி கட்டாயம், நேரில் வந்து பதியலாம் என்ற வசதி கிடையாது. ‘ஓபன் டிரையல்’ என்ற சொல்லைத் தூக்கிவிட வேண்டும். அன்று அசல் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகளின் ஆவண நகல்களைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம்.

அண்டர் 14 பற்றித் தனியாக ஒரு சொல். ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் சராசரியாக 13, 14 வயது வாக்கில் உச்சத்துக்குப் போகிறது, பெண் பிள்ளைகளுக்கு அது சுமார் இரண்டு வருடம் முன்பே வந்துவிடுகிறது. அதனால் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் மீசை அரும்பியவனாகவும் மற்றவன் குழந்தையாகவும் இருப்பான். பிறந்த தேதி எண் இதைச் சரி செய்யாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இதற்காகவே 2015 முதல், உடல் முதிர்ச்சியை வைத்துக் குழுப் பிரித்து ஆடவிடும் போட்டிகளை முயன்று பார்த்தது. உங்களால் அது முடியாது, தேவையும் இல்லை. மதிப்பிடுகிறவர்களிடம் ‘இவன் இன்னும் வளரத் தொடங்கவில்லை’ என்று குறிக்க ஒரு கட்டம் கொடுத்தாலே போதும். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்த பையனை வேகத்துக்காகவோ உடல் பலத்துக்காகவோ நிராகரிக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிட். ‘ஃபுல் கிட்’ என்ற இரண்டு சொல் எத்தனை வீட்டில் வீண் செலவு வைக்கிறது என்று யோசியுங்கள். ஒரு வீட்டில் அது கிளப் ஜெர்சி செட், இன்னொரு வீட்டில் புது பூட். டிரையலுக்கு முந்தின நாள் வாங்கிய பூட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அரை மணி நேரத்தில் குதிகால் கொப்புளம் வெடித்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு விதிகளில் நான்காவது விதி கட்டாயம் என்று கேட்பது ஐந்துதான்: கையுள்ள சட்டை, அரைக்கால் சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி. ஷின் கார்டு காலுறைக்குள் மூடியிருக்க வேண்டும். நகை எதுவும் கூடாது, டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. கம்மல், கயிறு, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மைதானத்தில் கழற்றச் சொன்னால் அழுகையும் நேர விரயமும்தான் மிச்சம்.

காலணியில் ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், அது தரை எது என்பது. இயற்கைப் புல் என்றால் சாதாரண மோல்டட் ஸ்டட் போதும். செயற்கைப் புல் என்றால் உலோக ஸ்டட் கூடாது, அது தரையையும் கெடுக்கும், காலையும் மாட்டிவிடும். குட்டை ரப்பர் முட்டுகள் உள்ள டர்ஃப் ஷூ நல்லது. தரை பெயரை எழுதாமல் ‘ஸ்டட் கட்டாயம்’ என்று போட்டால் பாதிப் பேர் தவறானதை வாங்குவார்கள். அதோடு ‘ஏற்கெனவே பழகிய காலணியிலேயே வரவும், புதிதாக வாங்க வேண்டாம்’ என்றும் எழுதிவிடுங்கள். பந்தும் பிப்பும் நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். பந்து அளவும் உங்கள் பொறுப்புதான்: அண்டர் 10, 12-க்கு 4-ஆம் எண், அதற்கு மேல் 5-ஆம் எண் என்பது பரவலான வழக்கம். கோல்கீப்பருக்குக் கையுறை தேவை என்று தனியே ஒரு வார்த்தை. மூச்சுத்திணறல் உள்ள பிள்ளை இன்ஹேலரை மறக்காமல் கொண்டுவர வேண்டும், மேசையில் சொல்லவும் வேண்டும். இது கிட் வரியிலேயே இருக்கட்டும், தனி அறிவிப்பாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை.

‘திறமையானவர்கள் தேர்வு செய்யப்படுவார்கள்’ என்பதில் தகவலே இல்லை. பெற்றோர் அறிய விரும்புவது மூன்றுதான்: எத்தனை இடம் காலி, பிள்ளை என்ன செய்ய வேண்டியிருக்கும், முடிவு எப்போது எப்படி வரும். இதில் நடுவில் உள்ளதை எழுத வேண்டுமானால் முதலில் உங்களுக்கே ஒரு திட்டம் வேண்டும். நான் வைத்திருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன், உங்கள் மைதானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பிரிவுக்கு 48 பிள்ளைகள், அதற்கு மேல் ஒருவரும் இல்லை. ஒரு முழு மைதானத்தை நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே இரண்டாகவும் பிரித்தால் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 25 மீட்டரில் ஆறு சின்னக் களம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு ஆட்டம். ஆறு களத்திலும் எட்டெட்டுப் பேர், 48 பேரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். எட்டு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட ஓய்வு, அணி மாற்றம் என்று ஐந்து சுற்று, மொத்தம் 50 நிமிடம். மூன்று மதிப்பீட்டாளர்கள், ஆளுக்கு இரண்டு களம், ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாறுவார்கள். அப்புறம் களத்தை மூன்றாக ஆக்கி எட்டுக்கு எட்டு, 25 நிமிடம். பதிவு, வார்ம்-அப், தண்ணீர் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நாலுக்கு நாலு எதற்கு என்றால், பந்து எல்லோர் காலுக்கும் வந்தே தீரும். பதினொன்றுக்குப் பதினொன்று வைத்தால் வலது பக்க டிஃபென்டராக நின்ற பையன் இருபது நிமிடத்தில் மூன்று முறை பந்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். அவனைப் பற்றி நீங்கள் எழுதும் மதிப்பெண்ணுக்கு எந்த அடிப்படையும் இருக்காது. கூம்பு வைத்து டிரிபிளிங், நேரம் பார்த்து ஓட்டம் என்று சோதனை வைப்பவர்கள் உண்டு. அவை தவறில்லை, ஆனால் 12, 13 வயதில் ஓட்ட நேரம் பெரும்பாலும் யார் முன்னால் வளர்ந்தார் என்பதைத்தான் சொல்கிறது. கூம்பு எதிராளியைப் போல் காலை நீட்டாது. நான் பார்ப்பது, பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, பந்தை இழந்ததும் அடுத்த இரண்டு நொடி என்ன செய்கிறான், தெரியாத பிள்ளைகளோடு சேர்த்துவிட்டாலும் ஆடுகிறானா என்பதைத்தான். இது என் முறை, வேறு நல்ல பயிற்சியாளர்கள் வேறு விஷயங்களைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் டிரையல் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதிலும் நேர்மை வேண்டும். இன்று இந்தக் குழுவோடு சேர்ந்து பயிற்சி செய்யும் நிலையில் இந்தப் பிள்ளை இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். ஐந்து வருடத்துக்குப் பிறகு என்ன ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பையனும், கூட்டத்தைக் கண்டு கால் உதறும் பெண்ணும் அன்றைக்குத் தங்கள் ஆட்டத்தைக் காட்ட மாட்டார்கள். அதனால் தேர்வானவர்களை நேராகச் சேர்க்காமல், முதல் பட்டியலில் உள்ளவர்களை வழக்கமான பயிற்சிக்கு இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது நல்லது. அந்த இரண்டு வகுப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் கேப்ஷனில் சொல்லிவிடுங்கள். முடிவை எல்லோருக்கும், தேர்வாகாதவர்களுக்கும், சொன்ன தேதியில் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள். ‘தேர்வானவர்களை மட்டும் தொடர்புகொள்வோம்’ என்று எழுதும் இடங்களில் பிள்ளைகள் வாரக்கணக்கில் அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் அக்கா மகன் அப்படி இருந்ததை நான் மறக்கவில்லை. பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் போடவே வேண்டாம். அதில் இல்லாத பெயர்களும் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கட்டணம். ‘மெசேஜ் செய்யவும்’ என்று எழுதுவதில்தான் நம்பிக்கை போகிறது. ஆளுக்கொரு தொகை சொல்வார்கள் என்ற சந்தேகம் அங்கேயே பிறக்கும். இரண்டு தொகைகளைத் தனித்தனியாகக் கேப்ஷனில் எழுதுங்கள். ஒன்று டிரையலுக்கானது, மற்றது தேர்வானால் ஆண்டுக்கு ஆகும் மொத்தம். இரண்டாவதில் பயிற்சிக் கட்டணம், உடை, லீக் பதிவு, போட்டிப் பயணம் எதெல்லாம் சேரும், எதெல்லாம் சேராது என்று சொல்ல வேண்டும். மாதத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு உடைக்கும் பயணத்துக்கும் பிறகு கேட்டால், பாதி வருடத்தில் பிள்ளையை நிறுத்துவார்கள். அது பிள்ளைக்குத்தான் வலி.

டிரையல் தொகையை எப்படி முடிவு செய்வது? அன்றைய மைதான வாடகை, மதிப்பீட்டாளர்களின் ஊதியம், முதலுதவியாளர், தண்ணீர், பிப் துவைக்கும் செலவு எல்லாம் கூட்டி 48-ஆல் வகுங்கள். வரும் தொகைக்குப் பக்கத்தில் நின்றால் அது நியாயமான கட்டணம். அதைப் போல மூன்று நான்கு மடங்கு வாங்கினால், ஆட்டக்காரர்களைத் தேடுவதை விட்டுவிட்டு டிரையலையே தொழிலாக ஆக்கிவிட்டீர்கள் என்று பொருள். அதேபோல, பணம் கட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதில் தவறே இல்லை, ஆனால் அதற்கு ‘டிரையல்’ என்று பெயர் வைக்காதீர்கள், ‘சேர்க்கை’ என்று எழுதுங்கள். ஒரு அகாடமியில் என் அக்கா மகனை ‘தேர்வாகிவிட்டான், 48 மணி நேரத்துக்குள் முழு ஆண்டுத் தொகையும் கட்ட வேண்டும்’ என்றார்கள். பிறகு விசாரித்தால் அன்று வந்த அத்தனை பேரும் தேர்வாகியிருந்தார்கள். பணத்தைவிட, அந்தப் பையன் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிப் பூரித்ததை நினைத்தால்தான் இன்றும் மனசு கனக்கிறது.

தொகை திரும்பக் கிடைக்கும் விதியும் ஒரு வரியில் வேண்டும். நீங்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும், மழையால் தள்ளிப்போனால் அதே பதிவு அடுத்த தேதிக்குச் செல்லும், வர முடியாதவர்கள் எந்த நாளுக்குள் சொன்னால் பணம் கிடைக்கும் என்ற மூன்றும் போதும். கட்டண உதவி உண்டு என்றால் ‘ஸ்காலர்ஷிப் உண்டு’ என்று மொட்டையாக விடாமல் எத்தனை பேருக்கு, எந்தச் செலவுக்கு என்று எழுதுங்கள். கட்ட முடியாதவர்கள் யாரிடம் தனியாகப் பேசலாம் என்பதும் இருக்கட்டும். அந்தப் பேச்சு தேர்வு முடிந்த பிறகு நடக்க வேண்டும், அப்போதுதான் மதிப்பீட்டாளர் காதுக்கு அது போகாது.

ஆசை காட்டும் வரிகளில் ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். ‘வெளிநாட்டு கிளப் வாய்ப்பு’ என்று சிறுவர் டிரையல் கேப்ஷனில் எழுதவே கூடாது. ஃபிஃபா விதிகளின்படி 18 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்வது பொதுவாகத் தடை, விதிவிலக்குகள் சிலதான். யாராவது ஸ்பான்சர் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் அண்டர் 12 பிரிவுக்கு ஒரு கேப்ஷன் எழுதிப் பார்த்தேன். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிக்குப் பிறகு கேப்ஷன் மடங்கிவிடும், அதனால் பிறந்த தேதியும் டிரையல் தேதியும் முதலிலேயே இருக்கின்றன.

“2014 ஜனவரி 1 முதல் 2015 டிசம்பர் 31 வரை பிறந்தவர்களுக்கான கால்பந்து டிரையல் (2026 பருவம், அண்டர் 12). தேதி ___, காலை 7 முதல் 9 வரை, இடம் ___.
ஆண், பெண் பிள்ளைகள் இருவரும் வரலாம். முன்பதிவு கட்டாயம், முதல் 48 பேருக்கு மட்டும். பதிவு ___ அன்று மூடும், அன்று நேரில் பதிவு இல்லை. அசல் பிறப்புச் சான்றிதழைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். வேறு பிரிவில் ஆட விரும்பினால் பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள்.
கொண்டுவர: கையுள்ள சட்டை, ஷார்ட்ஸ், நீளக் காலுறை, ஷின் கார்டு, பழகிய காலணி (செயற்கைப் புல் தரை, உலோக ஸ்டட் கூடாது), தண்ணீர். கீப்பர்களுக்குக் கையுறை. இன்ஹேலர் பயன்படுத்துவோர் மறக்காமல் கொண்டுவந்து பதிவு மேசையில் சொல்லவும். நகை, கயிறு வீட்டிலேயே. பந்தும் பிப்பும் நாங்கள் தருவோம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.
காலி இடம்: ஆட்டக்காரர் ___, கோல்கீப்பர் ___. நாலுக்கு நாலு ஆட்டங்கள், பிறகு எட்டுக்கு எட்டு. எல்லோரும் முழு நேரமும் ஆடுவார்கள். முதல் பட்டியலில் வருபவர்கள் இரண்டு பயிற்சி வகுப்புக்குக் கட்டணமின்றி வருவார்கள், அதன் பிறகே இறுதி முடிவு. முதல் பட்டியலின் முடிவு ___ அன்று எல்லாப் பெற்றோருக்கும் தனித்தனியாக வரும்.
டிரையல் கட்டணம் ___. தேர்வானால் ஆண்டுக்கு மொத்தம் ___ (பயிற்சி, உடை, லீக் பதிவு சேர்த்து, போட்டிப் பயணம் தனி, சுமார் ___). நாங்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும், மழை என்றால் ___ அன்று நடக்கும், ___-க்குள் வர முடியாது என்று சொன்னால் பணம் திரும்பும். கட்டண உதவி ___ பேருக்கு, தேர்வுக்குப் பிறகு ___ எண்ணில் பேசலாம்.
பெற்றோர் மைதான ஓரத்தில் இருக்கலாம். முதலுதவியாளர் இருப்பார். உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படத்தை வெளியிட மாட்டோம்.”

நான்கு பிரிவுக்கும் ஒரே பதிவில் எழுதாதீர்கள், நாலு பதிவாகப் போடுங்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் பதிவை மட்டும் உறவினருக்கு அனுப்புவார், மற்ற பிரிவின் நேரத்தைத் தவறாகப் படித்துக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். போஸ்டர் படத்தில் தேதியும் பிறந்த ஆண்டும் தவிர வேறு எதையும் ஏற்றாமல் இருந்தால், ஏதாவது மாறும்போது கேப்ஷனை மட்டும் திருத்தினால் போதும். திருத்தினால் ‘___ அன்று திருத்தியது’ என்று கடைசியில் எழுதிவிட்டு, ஏற்கெனவே பதிந்தவர்களுக்குத் தனியாகவும் தகவல் அனுப்புங்கள். பதிந்தபின் யாரும் பழைய பதிவைத் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.